மேல் இமைக்கு அடியில் ஒரு கோடு

இமை முடி கொட்டிக் குறையத் தொடங்கினால் கண்ணாடியில் முதலில் உறுத்துவது முடிக்கு நடுவே வெளுப்பாகத் தெரியும் தோல்தான். மேல் இமையில் சாதாரணமாக 100 முதல் 150 முடிவரை இருக்கும். அவை பல வரிசைகளாக நெருக்கியடித்து நிற்பதால் அடித்தோல் வெளியே தெரிவதில்லை. வயது ஏற ஏற, அல்லது ஒட்டு இமைகளை மாதக்கணக்கில் ஒட்டிப் பிய்த்ததால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இடைவெளி விழும்போது, இருக்கிற முடியும் மெலிந்து போனதுபோலத் தோன்றும்.

வகிட்டில் முடி கொட்டியவர்கள் அங்கே கருப்புப் பொடியை லேசாகத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக ஒரு முடிகூட முளைத்திருக்காது. மண்டைத்தோலின் வெளுப்பு மறைந்ததும் கூந்தல் அடர்ந்து தெரியும். மேக்கப் கலைஞர்கள் டைட்லைனிங் என்று சொல்வது இதே வேலையை இமையில் செய்வதுதான். மேல் இமையை லேசாகத் தூக்கி, முடிகளின் வேருக்கு நடுவே அடிப்பக்கத்திலிருந்து கருப்பை நிரப்புகிறார்கள். இமையின் மேல் தோலில் கோடே இருக்காது. லைனர் போட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. 'நல்லாத் தூங்கினியா, கண்ணு தெளிவா இருக்கே' என்று மட்டும் கேட்பார்கள்.

இதையே கொஞ்சம் இடம் தவறிப் போட்டால் கண் சுருங்கித் தெரியும். இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உங்கள் இமை விளிம்பைப் பாருங்கள். இமை கத்தி முனைபோல மெல்லியதாக முடிவதில்லை. அதற்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது. அந்தத் தடிமனின் வெளி ஓரத்தில் முடிகள் முளைக்கின்றன. அதற்குப் பின்னால், விழியை நோக்கிய பக்கத்தில், ஊசி முனையளவு துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவை மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள். கண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடாமல் அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் போர்த்துவது இந்தச் சுரப்பிகள் சுரக்கும் கொழுப்புதான். அந்தத் துளைகளையும் தாண்டினால் எப்போதும் ஈரமாக இருக்கும் இளஞ்சிவப்புச் சவ்வு வந்துவிடும். முடிக்கும் ஈரத்துக்கும் நடுவே உள்ள இந்தச் சிறு திட்டைத்தான் வாட்டர்லைன் என்கிறார்கள்.

டைட்லைனிங் என்றும் வாட்டர்லைன் லைனர் என்றும் இரண்டையும் ஒன்றாகவே பலர் பேசுகிறார்கள். கடையில் பென்சில் விற்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையில் பென்சிலை எடுத்தால் இரண்டும் வேறு. முடி முளைக்கும் வெளி ஓரத்தில், வேருக்கு நடுவே கருப்பை அழுத்துவது டைட்லைனிங். திட்டு முழுவதையும் ஈரம்வரை கருப்பாக்குவது வாட்டர்லைன் லைனர். முதலாவது முடியைப் பெருக்கிக் காட்டும். இரண்டாவது மேல் இமையில் கொஞ்சம் உதவும். கீழ் இமையில் பெரும்பாலும் கண்ணைத்தான் தின்னும்.

மேல் இமையில் ஏன் உதவுகிறது? கண் திறந்திருக்கும்போது மேல் திட்டு கீழ்நோக்கிப் பார்த்தபடி இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்போதும், எதிரே இருப்பவர் உங்களைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருக்கும்போதும், முடி வேருக்கும் விழிக்கும் நடுவே ஒரு வெளிறிய கீற்று மின்னும். முடி அடர்த்தியாக இருந்தால் அந்தக் கீற்றின்மேல் நிழல் விழுந்து மறைந்துவிடும். அடர்த்தி குறைந்தவர்களுக்குத்தான் அது பளிச்சென்று தெரிந்து, 'இங்கே முடி இல்லை' என்று காட்டிக்கொடுக்கும். அதைக் கருப்பாக்கினால் முடிகள் எல்லாம் ஒரே இருண்ட அடியிலிருந்து கிளம்புவதுபோல ஆகிவிடுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. வழக்கமாக இமையின் மேல் தோலில் தடியாக ஐலைனர் போடுகிறோம். குட்டை முடிக்காரர்களுக்கு அது நஷ்டம். மேல் இமை முடி 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதன்மேல் 2 மில்லிமீட்டர் கோடு இழுத்தால், முடியின் அடிப்பகுதி அந்தக் கருப்பில் மூழ்கிவிடும். மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் பார்ப்பவர் கண்ணுக்கு முடி. ஏற்கெனவே இடைவெளி விழுந்த இமையில் கோடு தடித்துத் தெரியும், முடி ஒன்றிரண்டாகத் துருத்தும். அடியிலிருந்து நிரப்பினால் நீளத்தில் எதுவும் குறையாது. இமை மடிப்பு கீழே இறங்கி மூடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலே கோடு போட அவர்களுக்கு இடமே இருக்காது; போட்டாலும் மடிப்பில் அப்பிக்கொள்ளும்.

கீழ் இமைக்கு வருவோம். நம் ஊரில் கண் மை என்றாலே கீழ்த் திட்டில் இழுப்பதுதான். அம்மா விரலால் தீற்றிவிட்ட நாளிலிருந்து கைக்குப் பழகிப்போன இடம். ஆனால் கீழ்த் திட்டு மேல்நோக்கி மலர்ந்திருக்கிறது. எதிரே நிற்பவருக்கு அது நன்றாகவே தெரியும். வெளிறிய நிறம், அதன்மேல் ஈரத்தின் பளபளப்பு. பார்ப்பவர் அதைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, வெண்விழியோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். பெரியவர்களுக்குக் கண் திறப்பு நடுவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரம். கீழ்த் திட்டில் நேரெதிரிலிருந்து தெரிவது சுமார் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கருப்பாக்கும்போது கண்ணின் வெளிச்சப் பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கண்ணின் அளவு மாறவில்லை, வெளுப்பின் அளவு மாறிவிட்டது. வெளிச்சமான பரப்பு இருண்ட பரப்பைவிடப் பெரியதாகத் தோன்றும் என்பது கண்ணின் பழைய பலவீனம். அதனால் இந்தச் சிறு இழப்பும் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே தெரியும்.

அப்படியானால் பரதநாட்டியக் கலைஞர்கள் மேலும் கீழும் அத்தனை கருப்பைத் தீட்டியும் கண் எப்படிப் பெரிதாகத் தெரிகிறது என்று கேட்கலாம். காரணம் தூரம். கடைசி வரிசையில் இருப்பவருக்கு வெண்விழி, திட்டு, முடி என்றெல்லாம் பிரித்துத் தெரியாது. கருப்பு எல்லை எதுவரை நீள்கிறதோ அதுவரை கண் என்று எடுத்துக்கொள்வார். அதனால்தான் மேடை மேக்கப்பில் கோட்டைக் கண்ணின் கடைக்கோடிக்கு வெளியேயும் இழுத்து விடுகிறார்கள். அதே முகத்தை மேக்கப் அறையில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் கருப்பு வேறு, கண் வேறு என்று பிரிந்துவிடும். அலுவலகத்திலும் கல்யாண வீட்டு வரவேற்பிலும் நாம் மூன்றடித் தூரத்தில்தான் பேசிக்கொள்கிறோம்.

கீழ் மை எல்லாருக்கும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடியில் நேராகப் பார்த்து, கருவிழியின் அடி விளிம்பு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். கருவிழிக்குக் கீழே வெள்ளை ஒரு கீற்றாகத் தெரிந்தால், அல்லது விழி சற்றே முன்னே துருத்தினாற்போல இருந்தால், கீழ் மை உங்களுக்கு அழகு. அந்த வெள்ளையைக் குறைத்து, திடுக்கிட்ட பார்வையைத் தணித்துவிடும். கருவிழி கீழ் இமையில் பாதி புதைந்திருப்பவர்களுக்கும், கண்கள் குழிக்குள் இருப்பவர்களுக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவே தூரம் குறைவானவர்களுக்கும் அது எதிராக வேலை செய்யும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திட்டின் கருப்பும் வளையத்தின் கருமையும் ஒன்றோடொன்று சேர்ந்து, கண் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும்.

மதுரையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு தோழியிடம் இதைக் கண்ணால் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மகளின் வரவேற்புக்கு மேக்கப் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வந்திருந்தார். மேல் இமையின் வெளிப்பக்கத்தில் முடி நன்றாகவே குறைந்திருந்தது. கீழே வழக்கம்போல மை.

"அக்கா, கீழே மையைத் துடைச்சிடுறேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மேலே போட்டுக் காட்டுறேன், அப்புறம் சொல்லுங்க."

"மை இல்லாம எப்படிம்மா? காய்ச்சல்ல படுத்து எழுந்தவ மாதிரி இருக்குமே!"

அந்தப் பயம் நியாயமானது. நாற்பது வருஷமாகக் கருப்போடு பார்த்துப் பழகிய முகம், அது இல்லாமல் வெறிச்சென்றுதான் தெரியும். தோழி வாதாடவில்லை, வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் கர்லரால் முடியை வளைத்தாள். லைனரும் மஸ்காராவும் போட்ட பிறகு வளைத்தால் முடி கர்லரின் ரப்பரில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். இருப்பதே குறைவாக இருக்கும்போது அந்த நஷ்டம் வேண்டாம். பிறகு காட்டன் பட்ஸால் இமை விளிம்பை ஒற்றி எடுத்தாள். காலையில் போட்ட க்ரீமின் பிசுக்கு அங்கே இருந்தால் எந்தப் பென்சிலும் வழுக்கும்.

கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மேசைமேல், மார்பு உயரத்தில் வைத்தாள். முகத்தை நிமிர்த்திக் கண்ணை மட்டும் தாழ்த்திக் கண்ணாடியைப் பார்த்தால் மேல் இமை தானாகவே இறங்கிப் படியும். புருவத்துக்குக் கீழே விரலை வைத்துத் தோலை லேசாக மேலே இழுத்ததும் முடியின் அடிப்பக்கம் வெளியே திரும்பியது. இமையைக் கிள்ளித் தூக்கவோ புரட்டவோ தேவையே இல்லை.

பென்சிலைச் சீவிய கையோடு கண்ணருகே கொண்டுபோகவில்லை. புறங்கையில் இரண்டு முறை தேய்த்துக் கூர்முனையை மழுக்கினாள். பிறகு வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, முடிக்கு அடியிலிருந்து வேர்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக அழுத்திக்கொண்டே வந்தாள். கோடு இழுக்கவில்லை. கோடாக இழுத்தால் பென்சில் முடியின் வேரைத் தாண்டிச் சறுக்கி ஈரப் பக்கம் போய்விடும். ஒவ்வொரு புள்ளியிலும் பென்சிலை இடவலமாகச் சற்றே அசைத்தாள். மூக்குப் பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே இல்லை. அங்கே முடி இயல்பாகவே சன்னம். கண்ணீர் வடிந்து சேரும் மூலையும் அதுதான். அங்கே வைக்கும் கருப்பு கரைந்து வழியும், அதோடு இரண்டு கண்களையும் நெருக்கி வைத்தாற்போலக் காட்டும்.

பிறகுதான் முக்கியமான கட்டம். விரலை எடுக்காமல், அவரைக் கீழேயே பார்க்கச் சொல்லி அரை நிமிடம் காத்திருந்தாள். ஏன் என்பது பலருக்கும் தெரியாது. கண்ணை இமைக்கும் ஒவ்வொரு முறையும் மேல் திட்டு கீழ்த் திட்டின்மேல் வந்து பதிகிறது. மேலே இருக்கும் மை உலராமல் இருந்தால், முத்திரை குத்தினதுபோல அப்படியே கீழே இறங்கிவிடும். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். மேலே மட்டும்தான் போட்டேன், ஆனாலும் மத்தியானத்துக்குள் கண் சின்னதாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். கீழ் மையை அவர்கள் போடவில்லை, அதுவே போட்டுக்கொண்டது. அரை நிமிடம் ஆனதும் தோழி விரலை எடுத்தாள். அவர் இரண்டு முறை இமைத்தார். கீழ்த் திட்டில் சாம்பல் நிறத்தில் லேசான தடம். உலர்ந்த காட்டன் பட்ஸால் அதை ஒற்றி எடுத்ததும் முடிந்தது. அதைத் தடவித் துடைக்கக் கூடாது, தடவினால் பரவிவிடும்.

அடுத்து மஸ்காரா. முடி குறைவானவர்கள் இதில்தான் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு கொடுத்தால் நாலைந்து முடி ஒன்றாக ஒட்டி ஒரே குச்சியாகிவிடும். குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே இடைவெளி முன்பைவிடப் பெரிதாகும். கஷ்டப்பட்டு நிரப்பிய வேர்ப்பகுதி வெளியே தெரியும். தோழி பிரஷின் நுனியைத் துடைத்துவிட்டு, வேரில் வைத்து அசைத்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தாள்.

ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, கையை நீட்டிப் போனில் ஒரு படம் எடுத்தாள். ஒரு கண்ணில் மேலே மட்டும் லைனர். மறு கண்ணில் அவர் வழக்கமாகப் போடும் கீழ் மை. கண்ணாடியில் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. கையளவு தூரத்துப் படத்தில் மை போட்ட கண் அரைத்தூக்கத்தில் இருப்பதுபோலவும், மற்றது விழித்திருப்பதுபோலவும் இருந்தது. அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஆனா கீழே கொஞ்சமாவது வை" என்றார். கீழ்த் திட்டில் வைக்காமல், கீழ் முடிகளின் வேருக்கு வெளியே, கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், அடர் பழுப்புப் பென்சிலால் தீட்டி விரலால் மங்கலாக்கினாள் தோழி. காய்ச்சல்காரி முகம் போயிற்று. திட்டு வெளுப்பாகவே இருந்தது. அந்த அம்மாவுக்கு மை போட்ட திருப்தியும் மிஞ்சியது. என் கணக்கில் பேரத்தில் ஜெயித்தது அவர்தான்.

கீழ்த் திட்டை மேலும் திறந்து காட்ட வேண்டுமென்றால் அங்கே பீஜ் நிறப் பென்சில் போடுகிறார்கள். வெள்ளைப் பென்சில் மேடைக்கு ஆகும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பக்கத்தில் வைத்தால் சுண்ணாம்பு தடவியது தனியாகத் தெரியும். தோலின் நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய, லேசான ஆரஞ்சுச் சாயல் உள்ள பீஜ் என்றால் போட்டதே தெரியாது. மேலிருந்து இறங்கும் கருப்புத் தடத்தையும் அது ஓரளவு மறைக்கும்.

எந்தப் பென்சில் என்ற கேள்விக்கு விடை அதன் பெயரில் இல்லை, உலர்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. காஜல் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை எண்ணெயும் மென்மெழுகும் சேர்ந்தவை. விரலால் தேய்த்தால் மங்கலாகப் பரவ வேண்டும் என்றே செய்யப்பட்டவை. உடல் சூட்டில் இன்னும் இளகும். சித்திரை மாதத்து வெயிலில் சென்னை பஸ்ஸில் ஏறி இறங்கினால் கேட்கவே வேண்டாம். மேல் இமைக்கு அடியில் போட அவை ஏற்றவை அல்ல. நீண்ட நேரம் நிற்கும் ஜெல் பென்சில்களில் சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் கலந்திருக்கும். அது பறந்ததும் மெழுகும் நிறமியும் படலமாக இறுகிவிடும். கடையில் சோதிப்பது எளிது. புறங்கையில் ஒரு கோடு இழுத்து ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேயுங்கள். அசையாமல் நின்றால் மேல் இமைக்கு. பரவினால் கீழ் முடிக்கு வெளியே மங்கலாக்க. பேனா போன்ற திரவ லைனர்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவை தோலின்மேல் கோடு இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஈர விளிம்பில் நிற்காமல் ஓடிப்போய்க் கண்ணை எரிய வைக்கும். நிறத்தில் கருப்புதான் வேண்டும் என்பதில்லை. முடி வெளிறிப் பழுப்பாகிவிட்டவர்களுக்கு அடர் பழுப்பு முடியோடு கலந்து நிற்கும். கருப்பு தனிக் கோடாகப் பிரிந்து தெரியும்.

கண்ணுக்கு இதனால் கெடுதல் உண்டா? எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அலிசன் எங் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார். மினுக்குத் துகள் கலந்த பென்சிலை முடிக்கு வெளியேயும், பிறகு முடிக்கு உள்ளே திட்டிலும் போடச் செய்து, கண்ணீர்ப் படலத்தில் எத்தனை துகள் வந்து சேர்கிறது என்று படம்பிடித்துப் பார்த்தார். உள்ளே போட்டபோது ஐந்தே நிமிடத்தில் 15 முதல் 30 சதவீதம்வரை கூடுதல் துகள்கள் கண்ணீரில் கலந்திருந்தன. ஆரோக்கியமான கண் இதைக் கண்ணீரோடு மெல்ல வெளியேற்றிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு அப்படியில்லை. துகள்கள் லென்ஸில் ஒட்டிக்கொண்டு பார்வையை மங்கலாக்கும், உறுத்தும். கண் வறட்சி உள்ளவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பியின் வாயை மெழுகால் மூடுவது இருக்கிற தொல்லையைக் கூட்டும். இந்த இரண்டு வகையினரும் திட்டைத் தொடாமல், மேலே இருந்து முடி வேர்களுக்கு நடுவே மட்டும் புள்ளி வைத்தால் போதும். அடியிலிருந்து வைப்பதில் கிடைக்கும் அடர்த்தியில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். லென்ஸ் போட்ட பிறகுதான் மேக்கப். மேக்கப் போட்ட பிறகு லென்ஸ் இல்லை.

கண்புரை, லேசர் போன்ற அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை பென்சிலைத் தொடக் கூடாது. கண்கட்டியோ மெட்ராஸ் ஐயோ வந்து போனால் அந்தச் சமயத்தில் பயன்படுத்திய பென்சிலைத் தூக்கி எறிந்துவிடுங்கள்; அக்கா தங்கையானாலும் பென்சிலைப் பகிர வேண்டாம். சுர்மா என்ற பெயரில் பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் அது வேண்டாம். விளக்கெண்ணெய்ச் சுடரில் பிடித்த கரியை நெய்யில் குழைத்த வீட்டு மையில் அந்த ஆபத்து இல்லை என்று சிலர் விரும்புகிறார்கள். ஆனால் அது உலரவே உலராது. இந்தக் கட்டுரையில் சொன்ன வேலைக்கு அதைவிடப் பொருத்தமில்லாத பொருளைத் தேடிப் பிடிக்க முடியாது.

முடி எப்படிக் குறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் மெல்ல மெல்லக் குறைந்தால் அது பெரும்பாலும் வயது. ஒட்டு இமையை நிறுத்திவிட்டால் கொட்டிய முடி இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப முளைத்துவிடும். தைராய்டு கோளாறும், இமை விளிம்பில் செதில் செதிலாக உதிரும் அழற்சியும் முடியைக் கொட்ட வைக்கும். ஒரே இமையில், ஒரே இடத்தில் மட்டும் முடி போய், அங்கே இமை தடித்தோ கெட்டியாகவோ இருந்தால் லைனரால் மறைக்காமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரிதாக இமையில் வரும் புற்றுநோய்க்கும் அது அறிகுறியாக இருக்கலாம்.

ராத்திரி இதைக் கழற்றுவது போடுவதைவிடக் கடினம். வேருக்கு நடுவே இறுகிய மை சோப்புத் தண்ணீருக்கு அசையாது. கண்ணுக்கான எண்ணெய் கலந்த ரிமூவரில் காட்டன் பட்ஸை நனைத்துப் பிழிந்துவிட்டு, கண்ணை மூடியபடி முடி வேரில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். மை இளகியதும் முடி வளரும் திசையில், மேலிருந்து நுனிக்கு உருட்டி எடுங்கள். குறுக்கே தேய்த்தால் மை திட்டுக்குள் போகும், பஞ்சில் இரண்டு முடியும் வரும். காலையில் எழுந்ததும் கண்ணின் உள்மூலையில் கருப்பு உருண்டை திரண்டிருந்தால் முந்தின இரவு சரியாகத் துடைக்கவில்லை, அல்லது மை வேரில் நிற்காமல் ஈரத்தில் விழுந்திருக்கிறது. துடைத்தது சரிதான் என்றால், அடுத்த முறை பென்சிலை இன்னும் அரை மில்லிமீட்டர் முடிப் பக்கம் தள்ளி வையுங்கள்.